காய்ச்சல் இல்லை, ஆனால் இல்லாத குரல்கள் கேட்கின்றன: கடுமையாகக் குடிப்பவர்களின் குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் கணவர் பல வருடங்களாகத் தினமும் குடிப்பவர். நேற்று முதல் குடிக்கவில்லை. யாரோ தன்னைத் திட்டுவதாகவும் கொல்லத் திட்டமிடுவதாகவும் சொல்கிறார். காய்ச்சல் இல்லை, எங்களையெல்லாம் நன்றாக அடையாளம் தெரிகிறது. இது என்ன?

பல ஆண்டுகள் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போதோ வெகுவாகக் குறைக்கும்போதோ, அறிவு தெளிவாக இருக்கும் நிலையிலேயே இல்லாத குரல்கள் கேட்பதை மருத்துவர்கள் ஆல்கஹாலிக் ஹாலுசினோசிஸ் என்று அழைக்கிறார்கள். பெரும்பாலும் கடைசியாகக் குடித்த 12 முதல் 24 மணி நேரத்துக்குள் இது தொடங்கும். குரல்கள்தான் முதன்மையான அறிகுறி. பலருக்கு அவை தம்மிடம் நேராகப் பேசுவதில்லை. இரண்டு மூன்று பேர் சுவருக்கு அப்பால் நின்றுகொண்டு தம்மைப் பற்றி இழிவாகவும் மிரட்டலாகவும் பேசிக்கொள்வதுபோல் கேட்கும். தெரிந்தவர்களின் குரலாகவே கேட்பதும் உண்டு, அதனால்தான் அக்கம்பக்கத்தாரோடு சண்டை மூள்கிறது.

நீங்கள் சொல்லியிருப்பவற்றுள் மிக முக்கியமானது, அவர் உங்களை அடையாளம் காண்கிறார் என்பதே. காய்ச்சல் இல்லை என்பது அதற்கு அடுத்த செய்திதான். இந்த வரிசை ஏன் என்பதைப் பின்வரும் பதில்களில் விளக்குகிறேன். ஆனால் அவரை இன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அறிவு தெளிவாக இருப்பது இந்த நேரத்தின் நிலைமை மட்டுமே. அடுத்த மூன்று நாட்களுக்கு அது உத்தரவாதம் ஆகாது.

அப்படியானால் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பது வேறா? இரண்டிலும் இல்லாதவை தெரிகின்றன என்கிறார்களே.

வேறுதான். குடியை நிறுத்துவதால் வரும் கடுமையான குழப்ப நிலையான டெலிரியம் ட்ரெமன்ஸில், மருத்துவமனைப் பேச்சில் டி.டி., முதலில் குலைவது கவனமும் சூழலைப் பற்றிய உணர்வும் ஆகும். நோயாளிக்குத் தாம் எங்கே இருக்கிறோம், இன்று என்ன கிழமை, எதிரே நிற்பவர் யார் என்பவை தடுமாறும். ஒரு மணி நேரம் தெளிவாகப் பேசுவதுபோல் தோன்றி, அடுத்த மணி நேரத்தில் முற்றிலும் குழம்பிப் போவார். இரவில் இது மிகும். அதோடு உடலும் கொந்தளிக்கும்: கைகளும் நாக்கும் கடுமையாக நடுங்கும், உடை நனையும் அளவு வியர்க்கும், நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும், பலருக்குக் காய்ச்சலும் வரும். இல்லாதவை தோன்றும்போதும் அவை பெரும்பாலும் காட்சிகளாக இருக்கும். சுவரில் எறும்புகள் ஊர்வதையும் படுக்கையில் பூச்சிகள் நெளிவதையும் பார்ப்பார்கள். தோலின்மேல் ஊர்வதாக உணர்ந்து தட்டிவிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

காலமும் வேறுபடும். டி.டி. பெரும்பாலும் கடைசிக் குடிக்குப் பின் 48 முதல் 96 மணி நேரத்தில், அதாவது மூன்றாம் நான்காம் நாளில் தொடங்குகிறது. குரல்கள் முதல் நாளிலேயே வந்துவிடும். எனவே "கடைசியாக எப்போது குடித்தார்?" என்ற கேள்விக்கு மணிக்கணக்கில் விடை தெரிந்திருப்பது மருத்துவருக்குப் பேருதவி. "இரண்டு நாளைக்கு முன்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "ஞாயிறு இரவு பத்து மணிக்கு" என்று சொன்னால் அடுத்த ஆபத்து எப்போது வரக்கூடும் என்பதை அவரால் கணிக்க முடியும்.

டி.டி.யைக் குடியின் விளைவாக 1813-ஆம் ஆண்டிலேயே விவரித்துப் பெயரிட்டவர் தாமஸ் சட்டன் என்ற ஆங்கில மருத்துவர். ஆனால் குடியை நிறுத்துவதுதான் காரணமா, குடிப்பவர்களின் ஊட்டச்சத்துக் குறைவு காரணமா என்ற ஐயம் நூறு ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. 1955-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள லெக்சிங்டன் மருத்துவமனையில் ஹாரிஸ் இஸ்பெல்லும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. முன்னாள் மார்ஃபின் அடிமைகளான தன்னார்வலர்களுக்கு, நல்ல உணவோடு, நாள் முழுவதும் மது கொடுத்துப் பின்னர் திடீரென நிறுத்தினார்கள். 48 முதல் 87 நாட்கள் வரை தொடர்ந்து குடித்த 6 பேரில், நிறுத்திய பிறகு 2 பேருக்கு வலிப்பு வந்தது, 3 பேருக்கு முழுமையான டெலிரியம் ஏற்பட்டது. அப்படியொரு ஆய்வை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆயினும் நன்றாகச் சாப்பிடுகிறவர், அதனால் அவருக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கைக்கு அது அன்றே பதில் சொல்லிவிட்டது.

காய்ச்சல் இல்லை என்பதால் டி.டி. இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?

கூடாது. டி.டி. வந்தவர்களுக்குக் காய்ச்சல் அடிக்கடி காணப்படுகிறது, ஆனால் அது கட்டாயமான அறிகுறி அல்ல. குழம்பி, நடுங்கி, வியர்த்துக் கிடக்கும் ஒருவருக்கு வெப்பமானி 98.6 காட்டினாலும் அது டி.டி. ஆகவே இருக்கலாம். தொடக்க மணிகளில் காய்ச்சல் வந்திராமலும் இருக்கலாம்.

இதன் மறுபக்கமும் முக்கியமானது. இல்லாத குரல்கள் கேட்கும் ஒருவருக்குக் காய்ச்சல் இருந்தால், அதைக் குடி நிறுத்தத்தின் கணக்கில் எழுதிவிட்டு அமைதியாகிவிடக் கூடாது. நீண்ட காலம் குடித்தவர்களுக்கு நிமோனியா, மூளை உறைக் காய்ச்சல், கணைய அழற்சி ஆகியவை மற்றவர்களைவிட எளிதில் வருகின்றன. இவை ஒவ்வொன்றும் காய்ச்சலையும் குழப்பத்தையும் தரக்கூடியவை. அவற்றைத் தேடிப் பார்த்து இல்லை என்று உறுதி செய்த பிறகே மருத்துவர்கள் காய்ச்சலை டி.டி.யோடு சேர்ப்பார்கள். ஆகவே காய்ச்சல் இருப்பது தேடச் சொல்லும் அறிகுறி. இல்லாமலிருப்பது நோயை விலக்கிவிடும் சான்று அல்ல. ஹாலுசினோசிஸையும் டி.டி.யையும் பிரிக்கும் கோடு அறிவின் தெளிவில்தான் இருக்கிறது.

தெளிவாக இருக்கிறாரா என்பதை எங்களைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? அவர் பேசுவதெல்லாம் நம்ப முடியாததாக இருக்கிறதே.

அவர் என்ன நம்புகிறார் என்பதையும், அவரது கவனம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். "பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள்" என்று சொல்பவர் நம்புவது பொய்யாக இருக்கலாம். ஆனால் அதைக் கோர்வையாகச் சொல்கிறாரா, பத்து நிமிடம் கழித்துக் கேட்டாலும் அதே செய்தியை அதே வரிசையில் சொல்கிறாரா, நடுவில் நீங்கள் வேறொன்று கேட்டால் அதற்குப் பொருத்தமாகப் பதில் தருகிறாரா என்று கவனியுங்கள். இவை சரியாக இருந்தால் தெளிவு இருக்கிறது.

அடுத்து, வாரத்தின் கிழமைகளைச் சனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள், அல்லது தமிழ் மாதங்களைப் பங்குனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். படிக்காதவர்களுக்கும் கிழமைகள் தெரியும் என்பதால் இது வசதியான சோதனை. ஒன்றிரண்டு இடத்தில் தடுக்குவது பெரிதல்ல. தொடங்கிவிட்டு எதற்காகச் சொல்கிறோம் என்பதையே மறந்துபோவது, வேறு பேச்சுக்குத் தாவுவது, பாதியில் அயர்ந்து போவது ஆகியவையே கவலைப்பட வேண்டியவை. இப்போது எந்த ஊரில், யாருடைய வீட்டில் இருக்கிறார், இது காலையா மாலையா என்றும் கேளுங்கள்.

ஒரு முறை கேட்டு முடித்துவிடாதீர்கள். குழப்பம் ஏறி இறங்கும் இயல்புடையது. காலையில் சரியாகச் சொன்னவர் இரவில் தடுமாறலாம். மருத்துவமனையிலும் இதையே சில மணி நேரத்துக்கு ஒரு முறை கேட்பார்கள். இரவில் துணைக்கு இருப்பவர் கவனித்துச் சொல்லும் மாற்றம், பகலில் மருத்துவர் ஐந்து நிமிடம் பார்ப்பதைவிடப் பல வேளைகளில் கூடுதல் தகவல் தரும். தயங்காமல் சொல்லுங்கள்.

இது நாளுக்கு நாள் எப்படிப் போகும்? ஓர் எடுத்துக்காட்டோடு சொல்ல முடியுமா?

விளக்கத்துக்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் 42 வயதுக் கொத்தனார். பத்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தினமும் மூன்று குவார்ட்டர் பிராந்தி குடிக்கிறார். தமிழ்நாட்டில் விற்கும் பிராந்தியில் மதுச்சாரம் 42.8 சதவீதம், ஆகவே 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டரில் ஏறத்தாழ 60 கிராம் தூய மதுச்சாரம் இருக்கிறது, மூன்றில் 180 கிராம். கார்த்திகை முதல் நாள் ஐயப்பனுக்கு மாலை போடுவதற்காக, ஞாயிறு இரவு பத்து மணிக்குக் கடைசியாகக் குடித்துவிட்டு முற்றாக நிறுத்துகிறார். விரதத்துக்காக ஒரே நாளில் நிறுத்துவது நம்மிடையே பரவலாக நடப்பதுதான். நோக்கம் நல்லதே, ஆனால் இந்த அளவு குடித்த உடலுக்கு அது மருத்துவக் கண்காணிப்பு தேவைப்படும் நிகழ்ச்சி.

திங்கள் காலை ஆறு மணிக்குக் கை நடுங்குகிறது, தேநீர்க் குவளையைப் பிடிக்க முடியவில்லை, குமட்டுகிறது. அன்று இரவு எட்டு மணிக்கு, அதாவது 22-ஆவது மணி நேரத்தில், பக்கத்து வீட்டு மதிலுக்குப் பின்னால் இரண்டு ஆண்கள் "இவனை இன்றைக்கு விடக் கூடாது" என்று பேசிக்கொள்வது கேட்கிறது. கதவைத் தாழிட்டு, கடப்பாரையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். மனைவி அவரை மருத்துவமனைக்கு அழைத்து வருகிறார். வெப்பநிலை 98.4, நாடித்துடிப்பு 104, இரத்த அழுத்தம் 146/94. தேதியும் இடமும் சரியாகச் சொல்கிறார், கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்கிறார். செவிலியரிடம் சொன்ன கதையையே மருத்துவரிடமும் சொல்கிறார். இது ஹாலுசினோசிஸ்.

சேர்த்துச் சிகிச்சை தொடங்குகிறார்கள். செவ்வாய் இரவு குரல்கள் முணுமுணுப்பாகத் தேய்கின்றன. புதன் அன்று, "அவர்கள் உண்மையில் பேசினார்களா, எனக்கு அப்படித் தோன்றியதா?" என்று அவரே கேட்கிறார். வியாழன் அன்று குரல்கள் இல்லை. நடந்தது எல்லாம் அவருக்கு நினைவிருக்கிறது, கடப்பாரையை எடுத்ததுகூட. இந்த முழு நினைவு ஒரு நல்ல பின்னோக்கிய சான்று, டி.டி.யிலிருந்து மீள்பவர்களுக்கு அந்த நாட்கள் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கும், பலருக்கு எதுவுமே நினைவிருக்காது.

அதே மனிதருக்கு நிலைமை வேறு திசையில் போயிருக்கவும் கூடும். புதன் விடியற்காலை இரண்டு மணி, 52-ஆவது மணி நேரம். படுக்கை விரிப்பு வியர்வையில் நனைந்திருக்கிறது. வெப்பநிலை 100.8, நாடித்துடிப்பு 130, இரத்த அழுத்தம் 170/100. வார்டைக் கட்டட வேலை நடக்கும் இடம் என்று நினைத்து, காற்றில் கரண்டி பிடித்துச் சுவர் பூசுகிறார். போர்வையின் ஓரத்தைக் கம்பி கட்டுவதுபோல் முறுக்குகிறார். செவிலியரைத் தன் தங்கையின் பெயரால் அழைக்கிறார். செய்துவந்த தொழிலின் அசைவுகளை வெறுங்கையால் செய்வது டி.டி.யில் கண்டறியப்பட்ட ஓர் இயல்பு. இதைப் பார்த்த துணையாள் "தூக்கக் கலக்கத்தில் ஏதோ செய்கிறார்" என்று காலை வரை காத்திருந்தால், அந்த மணிகள்தான் இழப்பாகும்.

குரல் கேட்ட எல்லோருக்கும் டி.டி. வருவதில்லை; பெரும்பாலோருக்கு வருவதில்லை. ஆனால் குரல் வந்ததே பெரிய அபாயம், அதைக் கடந்துவிட்டோம் என்று திங்கள் இரவே வீட்டுக்கு அழைத்துச் சென்றிருந்தால், புதன் விடியற்காலையில் அருகில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். முன்பு ஒரு முறை டி.டி. வந்தவர்கள், குடி நிறுத்தும்போது வலிப்பு வந்தவர்கள், வேறு உடல் நோயோடு இருப்பவர்கள் ஆகியோருக்கு இந்த அபாயம் கூடுதல். நிறுத்தியதால் வரும் வலிப்பு பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வருகிறது.

என் அண்ணன் குடியை நிறுத்தவே இல்லை. குடித்துக்கொண்டிருக்கும்போதே குரல் கேட்கிறது என்கிறார். அது எப்படி?

இதுவும் உண்டு. ஹாலுசினோசிஸ் நிறுத்தத்தின்போது மட்டும் வருவதல்ல. நீண்ட குடிக் காலத்தின் நடுவிலும் வரலாம், அப்போது அது 48 மணி நேரத்தில் தீராமல் நாட்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும் வாய்ப்பு கூடுதல். உலக நல நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பு, இதை மது தூண்டிய மனநோய் வகைகளுள் ஒன்றாக வைத்து, ஒரு மாதத்துக்குள் ஓரளவும் ஆறு மாதத்துக்குள் முழுவதும் குணமாவதே வழக்கம் என்கிறது.

ஆயினும் அவர் உண்மையிலேயே குறைக்கவில்லையா என்று பாருங்கள். வயிற்று வலியால் சாப்பிட முடியாமல், காசு இல்லாமல், அல்லது வாந்தியால் குடித்தது தங்காமல் அளவு பாதியாகியிருக்கலாம். மூளைக்கு அதுவும் நிறுத்தம் போன்றதே.

மூளை ஏன் இப்படி இல்லாததை உருவாக்குகிறது?

மூளையில் ஓட்டத்தைத் தணிக்கும் வேதிப்பொருள் காபா, முடுக்கும் வேதிப்பொருள் குளூட்டமேட். மது முதலாவதற்குத் துணைபோய், இரண்டாவதைத் தடுக்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி அழுத்தப்படும் மூளை, சமநிலைக்காகத் தணிக்கும் ஏற்பிகளின் வேலையைக் குறைத்து, முடுக்கும் ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கிறது. மேட்டில் ஏறுவதற்காக ஆக்சிலரேட்டரை அழுத்தியபடியே இருந்தவருக்குத் திடீரென்று இறக்கம் வந்தால் வண்டி பாய்வதுபோல், மது நின்றதும் அந்த முடுக்கம் மட்டும் எதிர்ப்பின்றி மிஞ்சுகிறது. நடுக்கமும் வலிப்பும் டி.டி.யும் இதன் வெவ்வேறு முகங்கள். குரல்களில் டோபமைன் என்ற மற்றொரு மூளை வேதிப்பொருளின் மிகைச் செயல்பாட்டுக்கும் பங்கிருப்பதாகக் கருதுகிறார்கள்; டோபமைனைத் தடுக்கும் மருந்துகள் அவற்றைத் தணிப்பது இந்த எண்ணத்துக்கு ஒரு காரணம்.

கொஞ்சம் குடிக்கக் கொடுத்தால் குரல் நின்றுவிடும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

நிறுத்தத்தால் வந்த நடுக்கம் சிறிது மதுவால் அடங்கும் என்பது உண்மை, அந்த அனுபவம்தான் இந்த ஆலோசனைக்கு வேர். ஆனால் எவ்வளவு கொடுத்தால் வலிப்பு வராது, எவ்வளவு கொடுத்தால் மயங்கி வாந்தி மூச்சுக் குழலுக்குள் போகாது என்பதை வீட்டில் யாராலும் அளக்க முடியாது. குரல்களோ, மேலும் குடித்தால் அடங்கும் என்பதற்கு உறுதியில்லை. குடிக்கும்போதே அவை வருவதை மேலே சொன்னேன். இன்னொரு தீங்கு, "கடைசிக் குடி எப்போது" என்ற கணக்கே இதனால் குலைந்துபோவதாகும்.

வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையைத் தாமாகக் கொடுப்பதும் இதே காரணத்தால் தவறு. வயிற்றில் மது இருக்கும்போது அது மூச்சையே மந்தமாக்கும். ஒருவேளை ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுங்கள். யாரும் உங்களைக் கடிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

முதலில் வேறு காரணங்களைத் தேடுவார்கள். இரத்தச் சர்க்கரை குறைந்திருக்கிறதா என்பது விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தத்தில் தெரியும். சில வாரங்களுக்கு முன் விழுந்து தலையில் அடிபட்டிருந்தால், மூளைக்கு மேல் மெதுவாகக் கசிந்த இரத்தக்கட்டு குழப்பத்தைத் தரலாம். அதனால்தான் விழுந்தாரா என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். கல்லீரல் செயலிழப்பால் வரும் குழப்பம், உப்புகளின் குறைபாடு ஆகியவற்றையும் பார்ப்பார்கள்.

பிறகு தயமின், அதாவது வைட்டமின் பி1, ஊசியாகத் தரப்படும். குடிப்பவர்களின் குடல் இதைச் சரியாக உறிஞ்சாததால் மாத்திரை போதாது. இது குறையும்போது வெர்னிக்கி மூளைநோய் வரலாம்: கண்ணசைவு தடுமாறுதல், தள்ளாடி நடத்தல், குழப்பம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள் என்றாலும், பெரும்பாலானோருக்கு மூன்றும் ஒன்றாகத் தெரிவதில்லை. எனவே ஐயம் இருந்தாலே கொடுத்துவிடுவது வழக்கம். குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தால் தயமினை அதற்கு முன்போ அதனுடனோ தருவார்கள். "பலவீனமாக இருக்கிறார், ஒரு குளுக்கோஸ் பாட்டில் போடுங்கள்" என்று தெருமுனை மருந்தகத்தில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இந்த இடத்தில் தீங்காகிவிடக்கூடும்.

நிறுத்தத்தின் முடுக்கத்தைத் தணிப்பவை பென்சோடயசெபைன் வகை மருந்துகள்: குளோர்டயசெபாக்சைட், டயசெபாம், கல்லீரல் பழுதானவர்களுக்கு லோராசெபாம். வலிப்பையும் டி.டி.யையும் தடுப்பவை இவையே. குரல்களுக்கென்று ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்தை மட்டும் தருவது நிறுத்தத்தின் முதல் நாட்களில் போதாது. அது வலிப்பு வரும் எல்லையைத் தாழ்த்தக்கூடியது, டி.டி.யைத் தடுப்பதும் இல்லை. எனவே தேவைப்பட்டால் பென்சோடயசெபைனோடு சேர்த்துத்தான் தருவார்கள். இதற்கு மாறாக, நிறுத்தக் காலம் முடிந்து வாரங்கள் ஆகியும் குரல் நீடித்தால், அப்போது மனநோய் மருந்தே முதன்மைச் சிகிச்சையாகிறது. ஒரே அறிகுறிக்கு இரண்டு வாரங்களில் மருந்து மாறுவது கண்டு குழம்ப வேண்டாம்.

டி.டி. என்று உறுதியானால் தீவிரக் கண்காணிப்பில் வைத்து, மருந்தை நரம்பு வழியே தந்து, நீரையும் உப்புகளையும் சரிசெய்வார்கள். சிகிச்சை இல்லாத காலத்தில் டி.டி. வந்தவர்களில் மூவரில் ஒருவர் வரை இறந்ததாகப் பதிவுகள் உண்டு. இன்று உரிய சிகிச்சையில் அது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. ஹாலுசினோசிஸ் தன்னளவில் இப்படி உடலைக் கொல்வதில்லை. அதன் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது.

வேறிடத்தில் என்றால்? குரல் சொல்வதை நம்பி அவர் ஏதாவது செய்துவிடுவாரா?

அந்த அச்சம் நியாயமானது. அறிவு தெளிவாக இருப்பதாலேயே, கேட்கும் மிரட்டலுக்கு அவர் திட்டமிட்டுப் பதில் செய்ய முடியும். கொல்ல வருகிறார்கள் என்று நம்புபவர் மாடியிலிருந்து குதித்துத் தப்ப முயலலாம், மானம் போய்விட்டது என்று தம்மை மாய்த்துக்கொள்ள முயலலாம், குரல் யாருடையது என்று நினைக்கிறாரோ அவரைத் தாக்கலாம். எனவே அரிவாள், கடப்பாரை, பூச்சிமருந்து போன்றவற்றை அவர் அறியாமல் அப்புறப்படுத்துங்கள். தனியாக விடாதீர்கள். குரல்கள் என்ன சொல்கின்றன, ஏதாவது செய்யச் சொல்கின்றனவா, சாகச் சொல்கின்றனவா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது.

"அப்படி ஒன்றும் இல்லை, நீ குடித்ததால் உளறுகிறாய்" என்று வாதாடினால் நீங்களும் எதிரிகளோடு சேர்ந்துவிட்டதாகவே அவருக்குப் படும். "ஆமாம், எனக்கும் கேட்கிறது" என்று ஒத்துப்பேசுவது அதைவிடத் தீங்கானது. "எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உங்களுக்குக் கேட்பதும் நீங்கள் பயப்படுவதும் புரிகிறது, மருத்துவமனையில் பாதுகாப்பாக இருக்கலாம், வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். தெளிவு இருப்பவர் என்பதால் பெரும்பாலோர் இதற்கு இணங்குவார்கள். இணங்காமல் ஆயுதத்தோடு இருந்தால் நீங்களே பிடிக்க முயலாமல் 108-ஐ அழையுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழில் பேசலாம்.

பேய் பிடித்திருக்கிறது, செய்வினை என்று கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள் என் மாமியார்.

கோயிலுக்குப் போவதில் தவறில்லை, நாள்தான் பொருட்டு. நிறுத்திய முதல் ஐந்து நாட்களை மருத்துவமனையில் கழித்துவிட்டு, பிறகு வேண்டுதலை நிறைவேற்றலாம் என்று மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். இந்த நாட்களில் உண்ணாமல் கட்டிப்போட்டு வைப்பதும், இரவெல்லாம் விழிக்க வைப்பதும், புகை போடுவதும் டி.டி.க்கு வழி திறந்துவிடுகின்றன. நீர் வற்றிய உடல், தூக்கமில்லாத மூளை, தயமின் இல்லாத இரத்தம் ஆகிய மூன்றும் ஒரே இரவில் சேர்ந்துவிடும்.

குரல் கேட்டதால் அவருக்கு மனச்சிதைவு நோய் வந்துவிட்டதா? வாழ்நாள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டுமா?

பெரும்பாலும் இல்லை. மனச்சிதைவு நோய் வழக்கமாக இளவயதில், மெதுவாக, வேலையும் பழக்கங்களும் மாறியபடி தொடங்குகிறது; ஹாலுசினோசிஸ் பல ஆண்டுக் குடிக்குப் பின், நாற்பதை ஒட்டிய வயதில், ஒரே நாளில் தொடங்குகிறது. மனச்சிதைவில் காணப்படும் எண்ண ஓட்டச் சிதறலும் உணர்ச்சி வறட்சியும் இதில் பெரும்பாலும் இல்லை. இருப்பினும் முதல் நாளில் எந்த மருத்துவராலும் உறுதிகூற முடியாது. குடி இல்லாத சில வாரங்களுக்குப் பின்னும் குரல் நீடிக்கிறதா என்பதைப் பார்த்தே முடிவு செய்வார்கள். சிலருக்கு, சிறுபான்மையினருக்கு, அது மாதக்கணக்கில் நிலைத்துவிடுகிறது. அவர்களுக்கு நீண்ட சிகிச்சை வேண்டியிருக்கும்.

குணமானவருக்கு மனநோய் மாத்திரையை எவ்வளவு காலம் என்பது மருத்துவர் படிப்படியாகக் குறைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியது. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அச்சத்தால் ஆண்டுக்கணக்கில் தொடரவும் வேண்டாம்.

மறுபடி குடித்தால் மறுபடி வருமா?

வரும் வாய்ப்பு மிகுதி. ஒரு முறை ஹாலுசினோசிஸ் வந்தவருக்கு, மீண்டும் கடுமையாகக் குடித்து நிறுத்தும்போது முன்பைவிட எளிதில் வருகிறது. நிறுத்த அறிகுறிகள் ஒவ்வொரு முறையும் கடுமையாகிக்கொண்டே போவது பலரிடம் காணப்படுவது. ஆகையால் அடுத்த முறை நிறுத்த நினைக்கும்போது, அது விரதத்துக்காக இருந்தாலும், அறுவை சிகிச்சைக்காக இருந்தாலும், மகள் திருமணத்துக்காக இருந்தாலும், நிறுத்துவதற்கு முன்பே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ போதை மீட்பு மையத்துக்கோ சென்று, "போன முறை இரண்டாம் நாள் குரல் கேட்டது" என்று சொல்லிச் சேருங்கள். வேறு காரணத்துக்காக, எலும்பு முறிவுக்கோ குடல் இறக்கத்துக்கோ, மருத்துவமனையில் சேர்க்கப்படும்போதும் தினமும் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை அவர் வெட்கத்தால் மறைத்தாலும் நீங்கள் சொல்லிவிட வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் இரவில் ஊசிக் குழாய்களைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து நிற்பவருக்கு, அந்த ஒரு தகவல் இருந்தால் மருந்து அன்று மாலையே தொடங்கியிருக்கும்.